அக்கவுண்ட்ட மூடியாச்சு, ரீஃபண்ட் கடைக்கே திரும்பிப் போயிடுச்சு: பணத்தை எப்படி வாங்குறது

ஆன்லைன்ல ஒரு ஷூ வாங்கி, அளவு சரியில்லன்னு திருப்பி அனுப்பியிருந்தேன். அதுக்கு நடுவுல, பணம் கட்டின டெபிட் கார்டோட அக்கவுண்ட்டையும் மூடிட்டேன். கடைலேர்ந்து "ரீஃபண்ட் முடிஞ்சது"ன்னு மெயில் வந்துச்சு, பேங்க்ல கேட்டா எங்ககிட்ட பணம் இல்லன்னாங்க. ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான்னு புரியவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

கார்டுல கட்டின பணத்தை கடை பொதுவா அதே கார்டுக்குத்தான் திருப்பி அனுப்பும். கார்டு மட்டும் எக்ஸ்பயரி ஆகி அக்கவுண்ட் உயிரோட இருந்தா பெரும்பாலும் பணம் வந்து சேந்துடும், பயப்பட வேணாம். அக்கவுண்ட்டே மூடியிருந்தாதான் சிக்கல். அப்போ பேங்க் அதை அதே பேங்க்ல இருக்கற உங்க வேற அக்கவுண்ட்ல போடலாம், உள்கணக்குல நிறுத்தி வைக்கலாம், இல்ல வந்த வழியே திருப்பி அனுப்பிடலாம். திருப்பி அனுப்பினா அது, கடைக்காக ஆன்லைன் பணத்தை வாங்கிக் குடுக்கற பேமென்ட் கேட்வே வழியா கடையோட பேலன்ஸ்ல போய் உக்காந்துக்கும். ஆனா கஸ்டமர் கேர்ல இருக்கறவங்க பாக்கற ஸ்க்ரீன்ல பழைய "முடிஞ்சது" அப்படியே நிக்கும், அதனால அவங்க பேங்க்க கேளுங்கன்னு சொல்லிட்டே இருப்பாங்க.

முதல்ல கடைகிட்ட ரீஃபண்ட் போட்ட தேதி, தொகை, ஏஆர்என் மூணையும் வாங்குங்க. ஏஆர்என்ங்கறது கார்டு ரீஃபண்ட தேடிப் பிடிக்கற 23 இலக்க நம்பர், ஆர்டர் நம்பர் இல்ல. ரீஃபண்ட் போட்ட அன்னிக்கே கேட்டா இருக்காது, சில நாள் கழிச்சுதான் வரும்.

அடுத்தது பேங்க். நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். "என் ரீஃபண்ட் வந்துச்சா?"ன்னு கேட்டேன், மூடின அக்கவுண்ட்ல எதுவும் இல்லன்னு சொல்லி முடிச்சுட்டாங்க, நானும் மூணு தடவை அதே கேள்வியவே கேட்டுட்டு திரும்பி வந்தேன். கேக்க வேண்டியது வேற: "இந்த ஏஆர்என்ல வந்த பணத்தை நிறுத்தி வச்சிருக்கீங்களா, திருப்பி அனுப்பிட்டீங்களா, என்னிக்கு?" இத கார்டு பிரிவுகிட்ட கேக்கச் சொல்லுங்க. நிறுத்தி வச்சிருந்தா பேங்க்தான் தரணும், கடைய தொந்தரவு பண்ண வேணாம். திருப்பி அனுப்பியிருந்தா அக்கவுண்ட் மூடின தேதி, பணம் திருப்பின தேதி ரெண்டும் இருக்கற மாதிரி ஒரு லெட்டர் வாங்கிடுங்க. வாய்வார்த்தை கடைகிட்ட செல்லாது. கார்டு இல்லாம நேரா பேங்க் அக்கவுண்ட்டுக்கு அனுப்பின ரீஃபண்ட்னா, பல பேமென்ட் முறைகள்ல `AC04`ங்கற காரணக் குறியோட திரும்பும், அதுக்கு அர்த்தம் அக்கவுண்ட் மூடியாச்சு.

இப்போ கடை. சாட் வேணாம், மெயில்தான் என் சாய்ஸ், ஏன்னா சாட்ல ஒவ்வொரு தடவையும் புது ஆள், மறுபடி முதல்லேர்ந்து கதை சொல்லணும். நான் எழுதினது இதுதான்: "நீங்க அனுப்பின ரீஃபண்ட், அக்கவுண்ட் மூடினதால பேங்க்லேர்ந்து திரும்பிடுச்சு. லெட்டர் இணைச்சிருக்கேன். உங்க அக்கவுண்ட்ஸ் பிரிவு பேமென்ட் கேட்வேல இந்த ஏஆர்என்ன தேடி, ரீஃபண்ட் ஃபெயில் ஆயிருக்கான்னு பாக்கணும். மறுபடி அதே கார்டுக்கு அனுப்பாதீங்க, என் பேர்ல இருக்கற வேற அக்கவுண்ட்டுக்கு அனுப்புங்க." அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். அது இல்லாம நான் அனுப்பின முதல் மெயிலுக்கு மூடின கார்டுக்கே ரெண்டாவது தடவ போட்டாங்க, அதுவும் திரும்பிடுச்சு. லெட்டரோட போன மெயிலுக்கு ஆறாவது நாள் பணம் வந்துடுச்சு.

கடை இன்னும் வரலன்னு சொன்னா உடனே சண்டை போடாதீங்க, ஃபெயில் ஆன ரீஃபண்ட் கேட்வேல திரும்பத் தெரிய சில சமயம் ஒரு மாசம் வரைக்கும் கூட ஆகும். பேங்க் திருப்பின தேதிலேர்ந்து எண்ணுங்க. அதுக்கு மேலயும் இழுத்தடிச்சா பேங்க்ல டிஸ்ப்யூட், அதாவது அந்தக் கார்டு பேமென்ட் மேல புகார், போட முடியுமான்னு கேளுங்க, அக்கவுண்ட் மூடியிருந்தாலும் கேக்கலாம், ஆனா அதுக்குக் காலக்கெடு உண்டு, அதனால தள்ளிப் போடாதீங்க.

புது அக்கவுண்ட் விவரம்னா பேர், அக்கவுண்ட் நம்பர், பேங்க் கோடு, அவ்ளோதான். ஓடிபி, பின், கார்டுக்குப் பின்னாடி இருக்கற மூணு நம்பர் யார் கேட்டாலும் குடுக்காதீங்க, பணம் வாங்க அது எதுவும் தேவையில்ல.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தர் தம்பி கார்டுல பணம் கட்டிட்டு தன் அக்கவுண்ட்டுக்குக் கேட்டிருக்கார், கடை மறுத்துடுச்சு. கார்டு யார் பேர்லயோ அவங்க பேர்ல இருக்கற அக்கவுண்ட்டத்தான் குடுக்கணும். கல்யாணத்துக்கு அப்புறம் பேர் மாறியிருந்தா, பழைய பேரும் புதுப் பேரும் சேந்து இருக்கற ஒரு ஆவணத்த லெட்டரோடவே அனுப்பிடுங்க.