வெளியீட்டு நாட்காட்டி அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வாரங்களுக்கு முன் என் அக்கா மகன், தான் எதிர்பார்க்கும் படங்களையும் தொடர்களையும் கைப்பேசி நாட்காட்டியில் ஏற்றி வைத்திருப்பதாகச் சொல்லி எடுத்துக் காட்டினான். நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள் வண்ணம் பிரித்து அழகாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றை விரலால் அழுத்தி அடுத்த நாளுக்கு நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். அது தடையின்றி நகர்ந்தது. முன்பு நான் செய்த அதே தவறை அவனும் செய்திருக்கிறான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தேதியைத் தவறாகத் தட்டச்சு செய்வது, நினைவூட்டலை அணைத்து வைப்பது போன்றவற்றை அவரவரே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்பதால் அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. பார்வைக்குச் சரியாகவே இருந்துகொண்டு நம்மைக் கைவிடுகிற தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உயிருள்ள பட்டியலை விட்டுவிட்டு நகலைச் சேர்ப்பது

வெளியீட்டுத் தேதிகளைத் தரும் தளங்கள் பலவும் அவற்றை .ics என்று முடியும் கோப்பாகத் தருகின்றன. அதை நாட்காட்டியில் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் கோப்பைத் தரவிறக்கி, கூகுள் காலண்டரின் அமைப்புகளில் உள்ள “Import & export” பகுதி வழியாக ஏற்றுகிறோம். இரண்டாவது வழியில் கோப்பைத் தரவிறக்காமல், அதன் இணைய முகவரியை மட்டும் “From URL” என்ற இடத்தில் ஒட்டுகிறோம். இரண்டுக்கும் பிறகு திரையில் தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், புதியவர்கள் கைக்கு எளிதான முதல் வழியையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் முதல் வழியில் வருவது அந்த நிமிடத்தில் எடுத்த நகல் மட்டுமே. அதன் பிறகு மூலத்தில் எந்தத் தேதி மாறினாலும் நம் நாட்காட்டிக்கு அது தெரிய வழியே இல்லை.

இதை நான் ‘மிக்கி 17’ படத்தில் கற்றுக்கொண்டேன். போங் ஜூன்-ஹோ இயக்கிய அந்தப் படம் முதலில் 2024 மார்ச் 29 அன்று வருவதாக இருந்தது; பின்னர் அது 2025 ஜனவரி 31-க்குத் தள்ளிப்போனது. 2024 நவம்பரில் அந்தத் தேதியும் மாறி 2025 ஏப்ரல் 18 என்று அறிவிக்கப்பட்டது. அந்த மாதத்தில்தான் நான் ஒரு வெளியீட்டுப் பட்டியலைத் தரவிறக்கி ஏற்றினேன். ஏப்ரல் 18 புனித வெள்ளி, தொடர்ந்து சனியும் ஞாயிறும் விடுமுறை. கல்லூரிக் காலத்திலிருந்து அந்த இயக்குநரின் படங்களைச் சேர்ந்தே பார்த்துவரும் நண்பர்கள் இருவர், ஒருவர் கோயம்புத்தூரிலும் மற்றவர் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள். என் நாட்காட்டியை நம்பி, முன்பதிவு திறந்த பிப்ரவரியிலேயே இருவரும் சென்னைக்கு ரயில் சீட்டு எடுத்துவிட்டார்கள்.

ஆனால் டிசம்பரிலேயே தேதி இன்னொரு முறை மாறி, இந்த முறை முன்னால் வந்திருந்தது. படம் 2025 மார்ச் 7 அன்று இந்தியாவில் வெளியாகி, பெரிய கூட்டமில்லாமல் ஓடி முடிந்தது. கதை தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் படத்தின் முன்னோட்டத்தையும் செய்திகளையும் நாங்கள் மூவருமே வேண்டுமென்றே தவிர்த்து வந்தோம். ஆகவே எங்களுக்கு இருந்த ஒரே தகவல் வழி அந்த நாட்காட்டிதான். ஏப்ரல் முதல் வாரத்தில் டிக்கெட் முன்பதிவு தொடங்கியதா என்று பார்க்கப்போன நண்பர் தொலைபேசியில் அழைத்து, “டேய், படம் வந்து போயே போச்சுடா” என்றார். அன்றும் என் நாட்காட்டி ஏப்ரல் 18 என்றே காட்டிக்கொண்டிருந்தது. ரயில் சீட்டுகளை ரத்து செய்ததில் பிடித்த பணம் சிறிய தொகைதான். அந்தப் படத்தைத் திரையரங்கில் மூவரும் சேர்ந்து பார்க்கும் வாய்ப்பு திரும்பி வரவே போவதில்லை என்பதுதான் இன்றும் எனக்கு ஆறாமல் இருக்கிறது. படம் தள்ளிப்போனால் காத்திருக்கலாம். முன்னால் வந்துவிட்டால் காத்திருக்க ஒன்றுமில்லை.

நடந்தது என்ன என்பதைக் கோப்பின் உள்ளே பார்த்தால் எளிதில் விளங்கும். நவம்பரில் ஒரு பதிவு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
BEGIN:VEVENT
UID:mickey17-in@example.org
SUMMARY:Mickey 17
DTSTART;VALUE=DATE:20250418
END:VEVENT
```

தேதி மாறும்போது பட்டியலைப் பராமரிப்பவர் `DTSTART` வரியை `20250307` என்று திருத்துவார். பதிவை அடையாளம் காட்டும் `UID` வரி அப்படியே இருக்கும். முகவரி வழியாகச் சேர்த்த நாட்காட்டி அந்தக் கோப்பை அவ்வப்போது மீண்டும் படித்து, அதே `UID` உள்ள பதிவைப் புதிய தேதிக்கு நகர்த்திவிடும். தரவிறக்கி ஏற்றிய நகலோ மூலத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உங்களிடம் இருப்பது எது என்று அறிய, அக்கா மகனிடம் நான் செய்யச் சொன்ன சோதனையே போதும். பதிவை வேறு நாளுக்கு நகர்த்த முடிந்தால் அது உங்கள் சொந்தப் பதிவாகிவிட்ட நகல். முகவரி வழியாக வந்த பதிவை நகர்த்தவோ திருத்தவோ முடியாது. அந்த நாட்காட்டி “Other calendars” என்ற தலைப்பின் கீழ் தனியாக நிற்கும்.

சரியான முறையில் சேர்ப்பதற்குக் கணினி உலாவியில் கூகுள் காலண்டரைத் திறக்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் இந்த வசதி இல்லை. இடப்பக்கம் “Other calendars” அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தி, “From URL” என்பதைத் தேர்ந்தெடுத்து முகவரியை ஒட்டுங்கள். ஒட்டும் முன் அதே முகவரியை உலாவியில் ஒருமுறை திறந்து பாருங்கள். கோப்பு கீழிறங்கினாலோ, `BEGIN:VCALENDAR` என்று தொடங்கும் எழுத்துகள் தெரிந்தாலோ முகவரி சரி. படங்களும் பொத்தான்களும் உள்ள பக்கம் திறந்தால், நீங்கள் எடுத்தது பட்டியலின் முகவரி அன்று, அதைக் காட்டும் பக்கத்தின் முகவரி. முகவரி `webcal://` என்று தொடங்கி ஏற்கப்படாமல் போனால், அந்தப் பகுதியை மட்டும் `https://` என்று மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கும் எல்லைகள் உண்டு. கூகுள் காலண்டர் மூலத்தைத் தன் வசதிக்கேற்பவே மீண்டும் படிக்கிறது. மாற்றம் வந்துசேர ஒரு நாள்கூட ஆகலாம், நாம் அவசரப்படுத்த முடியாது. மேலும் மூலக் கோப்பில் எழுதப்பட்டுள்ள நினைவூட்டல்கள் நம்மிடம் வந்து சேர்வதில்லை. சேர்த்த நாட்காட்டியின் அமைப்புகளுக்குள் சென்று, முழுநாள் பதிவுகளுக்கான நினைவூட்டலை நாமே வைக்க வேண்டும். ஒரு வாரம் முன்பு ஒன்று, முந்தைய நாள் ஒன்று என்று இரண்டு வைப்பது என் வழக்கம். இதைச் செய்யாதவர்கள், தேதி சரியாக இருந்தும் அறிவிப்பு வராமல் படத்தைத் தவறவிடுகிறார்கள்.

திரைப்படங்களுக்குக் கையால் எழுதிய பதிவைச் சரிபார்க்காமல் விடுவது

தொடர்களுக்கு TVmaze போன்ற தளங்களில் கணக்குத் தொடங்கி, நாம் பின்தொடரும் தொடர்களுக்கு மட்டுமான நாட்காட்டி முகவரியைப் பெற முடியும். திரைப்படங்களுக்கு, குறிப்பாகத் தமிழ்ப் படங்களுக்கு, நம்பத்தக்க பட்டியல் கிடைப்பது கடினம் என்பதால் பெரும்பாலும் கையால்தான் எழுத வேண்டியிருக்கிறது. அப்படி எழுதும்போது படத்தின் பெயரோடு தேதியைக் கடைசியாகச் சரிபார்த்த நாளையும் சேர்த்து எழுதுங்கள். “மிக்கி 17, சரிபார்த்தது 22.11.2024” என்று எழுதியிருந்தால், பிப்ரவரியில் ரயில் சீட்டு எடுக்கும்போதே அந்தத் தகவல் மூன்று மாதப் பழையது என்பது என் கண்ணில் பட்டிருக்கும்.

தமிழ்ப் படங்களின் தேதியை அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்தே எடைபோட வேண்டும். ‘கங்குவா’ 2024 அக்டோபர் 10 என்று அறிவிக்கப்பட்டு, அதே நாளில் ‘வேட்டையன்’ வருவது உறுதியானதும் நவம்பர் 14-க்கு மாறியது. இத்தகைய மோதல்களால் மட்டுமன்றி, தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் எந்தப் படத்தையும் திரையரங்கில் காட்ட முடியாது என்பதாலும், சான்றிதழ் வரும்வரை சுவரொட்டியில் உள்ள தேதி ஒரு விருப்பம் மட்டுமே. நான் அத்தகைய பதிவுகளின் முன்னால் ஒரு கேள்விக்குறி இடுகிறேன்; நம் ஊர்த் திரையரங்கில் முன்பதிவு திறந்த பிறகே அதை நீக்குகிறேன்.

எந்த நாட்டின் தேதி என்று பார்க்காமல் விடுவது

‘மிக்கி 17’ தென்கொரியாவில் பிப்ரவரி 28 அன்றே வந்துவிட்டது. இந்தியாவில் அதற்கு ஒரு வாரம் கழித்து. TMDB தளம் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனித் தேதியைத் தருவதோடு, சிறப்புக் காட்சி, திரையரங்கு, இணையம், வட்டு என்று வெளியீட்டு வகையையும் பிரித்துக் காட்டுகிறது. படத்தின் பெயருக்கு அருகில் தெரியும் ஒற்றைத் தேதியை எடுத்துக்கொள்ளாமல், உள்ளே சென்று இந்தியாவுக்கான திரையரங்குத் தேதியையே எடுக்க வேண்டும்.

நள்ளிரவு என்றால் நம் நள்ளிரவு என்று எண்ணுவது

நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தொடர்களைப் பெரும்பாலும் அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி நள்ளிரவில் வெளியிடுகிறது. அது நமக்கு அதே தேதியில் பகல் 12.30 மணி, அமெரிக்காவில் கோடைகால நேரம் முடியும் நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை பகல் 1.30 மணி. இரவு 12 மணிக்கு நினைவூட்டல் வைத்துவிட்டு விழித்திருந்து ஏமாறுபவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். எச்.பி.ஓ ஞாயிறு இரவுகளில் கிழக்கு அமெரிக்க நேரப்படி 9 மணிக்கு ஒளிபரப்பும் தொடர்களுக்கோ தேதியே மாறிவிடுகிறது. அவை நமக்குத் திங்கட்கிழமை காலை 6.30 மணிக்கோ 7.30 மணிக்கோதான் வரும்.

இதற்கு மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. பதிவை முழுநாள் நிகழ்வாக வைக்காமல், நேரமுள்ள நிகழ்வாக மாற்றி, அதன் நேர மண்டலமாக நெட்ஃபிளிக்ஸுக்கு லாஸ் ஏஞ்சலிஸையும் எச்.பி.ஓ-வுக்கு நியூயார்க்கையும் தேர்ந்தெடுத்து, அங்குள்ள நேரத்தையே எழுதுங்கள். கோடைகால மாற்றத்தையும் சேர்த்து நாட்காட்டியே நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டும்.

டிசம்பர் 31

ஆண்டு மட்டும் தெரிந்த படத்துக்குத் தளங்கள் இட்டுவைக்கும் இடநிரப்புத் தேதி அது, நினைவூட்டல் வைக்காதீர்கள்.

ஓடிடி தேதியை எண்ணிக் கணிப்பது

திரையரங்கில் வந்த நாளிலிருந்து நான்கு வாரம் எண்ணி எழுதாதீர்கள். தளமே அறிவித்த பிறகு எழுதுங்கள்.

முகவரியைப் பிறருக்கு அனுப்புவது

கணக்கோடு இணைந்த நாட்காட்டி முகவரியின் இறுதியில் நீளமாக வரும் எழுத்தும் எண்ணும் உங்கள் கணக்குக்கான திறவுகோல். நண்பர்களுக்குப் பட்டியல் வேண்டுமென்றால், கூகுள் காலண்டரில் அதற்கென்றே தனி நாட்காட்டி ஒன்றை உருவாக்கி, அதை அவர்களின் மின்னஞ்சலுக்குப் பார்வை உரிமை மட்டும் தந்து பகிருங்கள். நாங்கள் மூவரும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஆனால் எங்களுக்குள் மட்டும் திருத்தும் உரிமை மூவருக்கும் உண்டு, சரிபார்த்த நாளை எழுதாத பதிவை யார் கண்டாலும் நீக்கிவிடுகிறோம்.