ஷிஃப்ட் முடிந்தது, டிக்கெட் மட்டும் உங்கள் பெயரிலேயே

ஐடி ஹெல்ப்டெஸ்கில் நைட் ஷிஃப்ட். காலை 6 மணிக்கு முடியும். 5:20க்கு ஒரு டிக்கெட் வருகிறது: கிடங்கில் லேபிள் பிரிண்டர்கள் எதுவும் ஓடவில்லை, 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் பெயரில் எடுத்து, பிரிண்ட் சர்வரில் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். சரியாகவில்லை. நெட்வொர்க் டீமுக்கு மெயில் போடுகிறீர்கள். அதற்குள் கேப் வந்துவிட, கிளம்பிவிடுகிறீர்கள்.

காலையில் வருபவர் முதலில் திறப்பது யாருக்கும் ஒதுக்காத டிக்கெட்டுகளின் வரிசையை. இது உங்கள் பெயரில் இருப்பதால் அதில் வராது. நெட்வொர்க் டீமின் பதிலும் உங்கள் மெயிலுக்குத்தான் போகும். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே 9:20க்குக் கெடு தாண்டிவிடும்.

கெடுவை நிறுத்த சிலர் ‘பயனர் பதிலுக்காகக் காத்திருப்பு’ என்று நிலையை மாற்றிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். கிடங்குக்காரரிடம் நாம் எதையுமே கேட்கவில்லை. அவர் வேலை நின்றுபோய் நமக்காகக் காத்திருக்கிறார். பிரிண்டர் ஓடுவதை அவர் பார்த்துச் சொல்லும் முன் ‘தீர்ந்தது’ போடுவதும் இதே ரகம்தான்.

குழுவின் பெயருக்குத் தள்ளாமல், ஒரு ஆளின் பெயருக்கு மாற்றுங்கள். அவரிடம் வாயால் சொல்லி, “சரி, நான் பார்த்துக்கிறேன்” என்று அவர் சொன்ன பிறகு எழுந்திருங்கள். “பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்ற குறிப்பு அவருக்கு எதற்கும் உதவாது. இப்படி எழுதலாம்: “ஸ்பூலர் ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லை. சர்வரிலிருந்து பிரிண்டர்களுக்குப் பிங் போகவில்லை. நெட்வொர்க் டீமுக்கு 5:45க்கு மெயில். 6:30க்குள் பதில் இல்லை என்றால் அவர்களை போனில் அழைக்கவும். கெடு 9:20.”

பெயரை மாற்றும் முன்பே உங்கள் 40 நிமிடத்தையும் பதிந்துவிடுங்கள். அடுத்த நாள் நினைவிலிருந்து போட்டால் அரை மணி, ஒரு மணி என்று உருண்டைக் கணக்குதான் வரும். நைட் ஷிஃப்டில் தேதியும் ஏமாற்றும்: இரவு 11:30க்குத் தொடங்கி 12:30க்கு முடிந்த வேலையை எந்த நாளில் போடுவது என்று டீமில் ஒரே முறை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிரிண்ட் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப். ஜன்னலை × போட்டு மூடினால் இணைப்புதான் அறும். உங்கள் செஷன் உள்ளேயே இருக்கும். விண்டோஸ் சர்வரில் நிர்வாக வேலைக்கு வழக்கமாக இரண்டு செஷன்தான் அனுமதி. இப்படி இரண்டு பேர் விட்டுப்போனால், அவசரத்தில் உள்ளே போக வரும் காலை ஷிஃப்ட்காரர் வாசலிலேயே நிற்பார். ஸ்டார்ட் மெனுவில் Sign out கொடுத்தே வெளியேறுங்கள். யார் செஷன் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க:

```
query user
logoff 2
```

முதல் கட்டளையில் Disc என்று தெரிபவை விட்டுப்போன செஷன்கள். இரண்டாவதில் இருக்கும் 2 அந்தச் செஷனின் ஐடி. அடுத்தவர் செஷன் என்றால் அவரைக் கேட்டுவிட்டு மூடுங்கள், சேமிக்காமல் திறந்து வைத்ததெல்லாம் போய்விடும்.