வேலையைப் பிரித்தால் மட்டும் உற்பத்தி கூடிவிடாது: வேலைப் பகுப்பில் பலரும் செய்யும் தவறுகள்

வேலைப் பகுப்பு என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதிய குண்டூசிக் கணக்குதான். பழக்கமில்லாத ஒருவர் தனியாக எல்லாவற்றையும் செய்தால் ஒரு நாளில் 20 ஊசிகூடத் தேறாது, ஆனால் 10 பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு 48,000 ஊசி வரை செய்தார்கள். இதைப் படித்துவிட்டுப் பலர் எடுத்துக்கொள்ளும் பாடம், "ஒரு பொருளில் எத்தனை கட்டமோ அத்தனை பேரை வை, ஆளுக்கொரு கட்டம் கொடு, உற்பத்தி தானாக ஏறும்" என்பது. அப்படி ஏறாது. சில சமயம் பாதியாகக் குறையும். எப்படி என்று ஒரு துணிப்பையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு பைக்குத் துணி வெட்ட 2 நிமிடம், உடம்பைத் தைக்க 6, கைப்பிடி தைக்க 3, பிசிறு வெட்டி மடிக்க 1. மொத்தம் 12 நிமிடம். 8 மணி நேரம் என்றால் 480 நிமிடம், ஆக ஒருவர் தனியாக 40 பை முடிப்பார். நாலு பேர் தனித்தனியாகச் செய்தால் 160.

சரி, இப்போது ஆளுக்கொரு கட்டம் கொடுத்துவிடுகிறோம். என்ன ஆகும்? உடம்பைத் தைப்பவரிடமிருந்து 6 நிமிடத்துக்கு ஒரு பைதான் வெளியே வரும், அவருக்கு முன்னால் இருப்பவர் எவ்வளவு வேகமாக வெட்டித் தள்ளினாலும் பின்னால் இருப்பவர் எவ்வளவு சுறுசுறுப்பாக மடித்தாலும் அது மாறப்போவதில்லை. 480-ஐ 6-ஆல் வகுத்தால் 80. அதே நாலு பேர், அதே 8 மணி நேரம், ஆனால் 160 போய் 80. வெட்டுபவர் சாயங்காலத்துக்குள் 240 பைக்கு வெட்டி முடித்திருப்பார், அதில் 160 தைக்கப்படாமல் மலைபோல் குவிந்து கிடக்கும். மடிப்பவர் ஒவ்வொரு 6 நிமிடத்திலும் 5 நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

இதுதான் முதல் தவறு, மிகப் பெரியதும் இதுதான்: கட்டங்களை எண்ணி ஆளைப் போடுவது. நேரத்தைப் பார்த்துத்தான் ஆளைப் போட வேண்டும். உடம்பு தைக்க இரண்டு பேர், அப்போது 3 நிமிடத்துக்கு ஒன்று வரும். கைப்பிடிக்கு ஒருவர், அதுவும் 3 நிமிடம். வெட்டுவதையும் மடிப்பதையும் சேர்த்து ஒருவருக்கு, 2-ம் 1-ம் 3. எல்லா இடத்திலும் 3 நிமிடம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஸ்மித்தின் கணக்கிலும் இது இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: ஊசி செய்வதில் சுமார் 18 வேலைகள் என்கிறார், அவர் பார்த்த பட்டறையில் ஆட்கள் 10 பேர்தான், அதனால் சிலர் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்தே செய்தார்கள்.

ஆனால் கணக்கைக் கவனியுங்கள். 3 நிமிடத்துக்கு ஒரு பை என்றால் 480 நிமிடத்தில் 160. இவ்வளவு பாடுபட்டுச் சமன் செய்தும், தனித்தனியாகச் செய்தபோது வந்த அதே எண்ணிக்கை! காரணம் எளிது. மொத்த வேலை இன்னும் ஒரு பைக்கு 12 நிமிடமாகவே இருக்கிறது, அதை வேறு மாதிரி பங்கு போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். பிரிப்பதால் மட்டும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. அந்த 12 குறைந்தால்தான் லாபம்.

அது எப்படிக் குறையும்? ஸ்மித் மூன்று வழி சொன்னார்: ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கை பழகுவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வீணாகும் நேரம் மிச்சமாவது, வேலை சின்னதாகிவிட்டதால் அதற்கென்று ஒரு கருவியோ இயந்திரமோ கண்டுபிடிப்பது. நம் பையில் வைத்துப் பாருங்கள். துணியை அடுக்கிப் பல பைக்கு ஒரே நேரத்தில் வெட்டினால் 2 நிமிடம் 1 ஆகலாம். நாள் முழுக்க ஒரே தையல் போடுபவருக்கு அளவு பார்க்க வேண்டியதில்லை, கையே நிறுத்தும் இடத்தில் நிறுத்தும், 6 நிமிடம் 4 ஆகும். கைப்பிடி 3-லிருந்து 2-க்கு வரும். மடிப்பது 1 நிமிடமாகவே இருக்கட்டும். மொத்தம் 8. இப்போது எல்லா இடத்திலும் 2 நிமிடம், ஒரு நாளைக்கு 240 பை. இந்த 80 பைதான் உண்மையான ஆதாயம். இன்னொன்றும் உண்டு: தனித்தனியாகச் செய்யும்போது நாலு பேருக்கும் தையல் இயந்திரமும் வெட்டும் மேசையும் வேண்டும், இப்போது மூன்று இயந்திரமும் ஒரு மேசையும் போதும்.

இந்தக் குறைப்பு முதல் நாளே வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது இன்னொரு தவறு. ஃபோர்டு கார் ஆலையில் 1913-இல் மேக்னெட்டோ என்ற பாகத்தைப் பொருத்தும் வேலையைப் பிரித்தார்கள். ஒருவரே செய்தபோது ஒன்றுக்குச் சுமார் 20 நிமிடம். 29 பேருக்குப் பிரித்ததும், எல்லாருடைய நேரத்தையும் கூட்டினால் ஒன்றுக்கு 13 நிமிடம் 10 நொடி. அடுத்த வருடம் அந்த வரிசையின் உயரத்தை 8 அங்குலம் ஏற்றினார்கள், ஆட்கள் குனிவது நின்றது, 7 நிமிடத்துக்கு வந்தது. இன்னும் சில மாற்றங்களுக்குப் பிறகு 5. பிரித்ததில் கிடைத்தது ஒரு பங்குதான், மீதி பிரித்த பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் உற்றுப் பார்த்ததால் வந்தது. ஆனால் அதே ஆலையில் 1913-இல் ஆட்கள் சலித்துப்போய் வேலையை விட்டுவிட்டு ஓடினார்கள், 1914-இல் நாள் கூலியை 5 டாலராக ஏற்றித்தான் பிடித்துவைக்க முடிந்தது. மனிதர் ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்வதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது.

அப்புறம், ஆளுக்கு ஆள் எண்ணிக்கை பார்த்துப் பாராட்டுவது. வெட்டுபவர் இன்று 300 வெட்டினார் என்று மெச்சினால் குவியல்தான் வளரும், வெளியே போகும் பை ஒன்றுகூட அதிகமாகாது. தேங்கும் இடம் எது என்று தெரிய கடிகாரம்கூட வேண்டாம், எந்த இடத்துக்கு முன்னால் குவியல் இருக்கிறது, எந்த இடத்துக்குப் பின்னால் ஆள் காத்திருக்கிறார் என்று பார்த்தால் போதும். குவியலில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. வெட்டும் அளவு அரை அங்குலம் பிசகினால் வெட்டியவருக்குத் தெரியாது, தைக்கும்போதுதான் தெரியும். நடுவில் 5 துணி இருந்தால் 5 வீண். 160 இருந்தால்? தனியாக முழுப் பையும் தைத்தவர் முதல் பையிலேயே கண்டுபிடித்திருப்பார்.

ஒருவருக்கு ஒரு வேலை மட்டும் தெரிந்தால் போதும் என்று விடுவதும் இங்கேதான் இடிக்கும். கைப்பிடி தைப்பவர் வரவில்லை, வேறு யாருக்கும் அது தெரியாது என்றால் அன்று முடிந்த பை பூஜ்யம். தனித்தனியாகச் செய்திருந்தால் ஒருவர் இல்லாத நாளிலும் 120 வந்திருக்கும். அதனால் ஒவ்வொருவருக்கும் பக்கத்துக் கட்டமும் ஓரளவு கைவர வேண்டும்.

கடைசியாக, விற்பனையைப் பார்க்காமல் பிரிப்பது. எவ்வளவு பிரிக்கலாம் என்பதைச் சந்தையின் அளவுதான் தீர்மானிக்கும் என்று ஸ்மித்தே எழுதினார். ஒரு நாளைக்கு 100 பைதான் விற்கும் என்றால் 240 செய்யும் வரிசை மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பிறகு நாலு பேரும் சும்மா இருப்பார்கள். அந்த அளவுக்கு இரண்டு பேர் போதும்: ஒருவர் உடம்பை மட்டும் தைக்கட்டும், 4 நிமிடம். மற்றவர் வெட்டுவது, கைப்பிடி, மடிப்பு மூன்றையும் செய்யட்டும், அதுவும் 4 நிமிடம். மூன்று வேலைக்கு மாறி மாறிப் போவதால் அவருக்கு நாலரை நிமிடம் ஆனாலும் ஒரு நாளைக்கு 106 பை வரும்.