சுழலும் பேனரும் ஒற்றைப் படமும்: முகப்புப் பக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் ஒரு பெண்மணியிடம் சீமன்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து கொடுத்து, வாஷிங் மெஷினுக்குச் சலுகை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். சலுகை இருந்தது. பக்கத்தின் உச்சியிலேயே, 98 பாயிண்ட் எழுத்தில் இருந்தது. ஆனாலும் அவர் கண்ணில் அது படவில்லை. அந்த அறிவிப்பு, தானாகச் சுழலும் பேனருக்குள் இருந்ததுதான் காரணம். இணையப் பயன்பாட்டை ஆராயும் யாக்கோப் நீல்சன் இதை 2013 ஜனவரியில் எழுதினார். அதற்குப் பிறகும் புதிதாக வருகிற தளங்களில் பாதிக்குக் குறையாமல் இப்படிச் சுழலும் பேனரோடு, அதாவது ஸ்லைடரோடுதான் வருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு பெரிய எழுத்து எப்படித் தப்பும்? அளவும் நிறமும் அசைவும் கூடக் கூட, அது விளம்பரம் போலத் தெரிய ஆரம்பிக்கிறது. ஒரு தகவலைத் தேடி வந்தவர் விளம்பரம் போலத் தெரியும் இடத்தைத் தாண்டிப் போகப் பழகியிருக்கிறார். 1998-இலேயே அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் பென்வே, டேவிட் லேன் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தேடச் சொன்ன தகவலுக்கான வழியைப் பக்கத்தின் மேலே பெரிய வண்ணப் பேனராக வைத்தபோது, பலர் அதைத் தவறவிட்டார்கள். இப்படித் தாண்டிப் போவதற்கு, ‘பேனர் குருடு’ என்று நாம் சொல்லக்கூடிய பெயரை வைத்தவர்களும் அவர்களே.

சுழற்சி சேர்ந்தால் இன்னொரு தொல்லையும் வருகிறது. வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போது படம் மாறிவிடும். பட்டனை அழுத்தக் கை போகும்போது அங்கே வேறு ஸ்லைடு வந்து நிற்கும். எங்கோ போய் விழுவோம். ஓரிரு முறை இப்படி ஆனவர் அடுத்த தடவை அந்தப் பகுதியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். மெதுவாகப் படிப்பவர்களுக்கும், படிக்கிற மொழி தாய்மொழி அல்லாதவர்களுக்கும் இன்னும் சிரமம்.

அடுத்த தவறு, ஐந்து ஸ்லைடு போட்டால் ஐந்து செய்தியும் போய்ச் சேரும் என்று நம்புவது. ஒவ்வொன்றும் 5 விநாடி நிற்கிறது என்றால், ஐந்தாவது ஸ்லைடு 20 விநாடி கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் வந்தவர் ஸ்க்ரோல் செய்து கீழே போயிருப்பார். போனில் ஒரே தள்ளு; பேனர் திரையை விட்டே போய்விடும்.

இதற்கு நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைக் கவனித்துவந்த எரிக் ருன்யன், அந்தத் தளத்தின் முகப்பு ஸ்லைடரில் விழுந்த கிளிக்குகளை எண்ணி 2013-இல் வெளியிட்டார். முகப்புப் பக்கத்துக்கு வந்த வருகைகள் 37,55,297. ஸ்லைடுகளின் மேல் விழுந்த கிளிக் 28,928. அதாவது நூற்றுக்கு ஒன்றுகூட முழுதாக இல்லை. அந்தக் கிளிக்குகளிலும் 84 சதவீதம் முதல் ஸ்லைடுக்கே போனது. மீதி நான்குக்கும் ஆளுக்குச் சுமார் 4 சதவீதம். கணக்கிட்டால் பின்னால் நின்ற ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கிடைத்தது 1,150 கிளிக் சொச்சம். பத்தாயிரம் வருகைக்கு மூன்று.

இந்த எண்களைக் காட்டி ஸ்லைடரை உடனே தூக்கில் போடுவதும் சரியல்ல. கிளிக் செய்யாதவர் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எது முக்கியமோ அதைத்தான் முதலில் வைப்பார்கள் என்பதால், முதல் ஸ்லைடுக்குக் கிடைத்த கிளிக்கில் இடத்தின் பங்கு எவ்வளவு, செய்தியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் இதில் வழியில்லை. பல்கலைக்கழகத் தளத்துக்கு வருபவர்களில் நிறையப் பேர் குறிப்பிட்ட ஒரு வேலையோடு வருகிறவர்கள் என்பதும் உண்டு. உங்கள் தளத்தில் நிலவரம் என்ன என்பதை நீங்களேதான் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஸ்லைடை இரண்டு வாரம் முதலிடத்தில் வையுங்கள். கிளிக் கூடினால் இடம்தான் வேலை செய்கிறது. கூடவில்லை என்றால் அந்தச் செய்தியே யாருக்கும் வேண்டாத செய்தி. கூகுள் அனலிட்டிக்ஸ் வைத்திருப்பவர்கள் `select_promotion` என்ற நிகழ்வில் `creative_slot` மதிப்பாக ஸ்லைடின் எண்ணை அனுப்பினால் போதும். உள் இணைப்புகளில் `utm_source` ஒட்டி எண்ணும் பழக்கம் மட்டும் வேண்டாம். வந்தவர் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு அதனால் குழம்பிவிடும்.

சரி, ஸ்லைடர் ஏன் இன்னும் சாகாமல் இருக்கிறது? அது வருகிறவருக்காகப் போடப்படுவதில்லை, அலுவலகத்துக்குள் சமாதானத்துக்காகப் போடப்படுகிறது என்பது என் எண்ணம். விற்பனைப் பிரிவுக்கு ஒரு ஸ்லைடு, டீலர்களைக் கவனிப்பவருக்கு ஒன்று, முதலாளி வாங்கிய விருதுக்கு ஒன்று. எது முதலில் என்ற சண்டை கூட்டத்திலேயே முடிய வேண்டியது. முடிக்காமல் விட்டால் வாசகர் தலையில் விழுகிறது.

ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்ப்போம். கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் சிறு நிறுவனம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் ஐந்து ஸ்லைடு: ‘எங்கள் நிறுவனத்துக்கு வரவேற்கிறோம்’, புதிய டில்டிங் கிரைண்டர், தீபாவளிச் சலுகை, டீலர்கள் தேவை, விருது வாங்கிய படம். இந்தத் தளத்துக்கு யார் வருவார்கள்? கிரைண்டர் வாங்க நினைப்பவர் விலையும் லிட்டரும் பார்க்க வருவார். ஏற்கெனவே வாங்கியவர் பெல்ட்டோ கல்லோ எங்கே கிடைக்கும், சர்வீஸுக்கு யாரைக் கூப்பிடுவது என்று பார்க்க வருவார். டீலராக விரும்புபவர் எப்போதாவது வருவார். விருதைப் பார்க்க என்று யாரும் வர மாட்டார்கள்.

அதனால் மேலே நிலையான ஒரே படம்: சமையல் மேடையில் டில்டிங் கிரைண்டரைச் சாய்த்து மாவைப் பாத்திரத்தில் வழிக்கிற காட்சி. டில்டிங் என்றால் என்ன என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். பக்கத்தில் ‘2 லிட்டர் டில்டிங் கிரைண்டர்’ என்ற தலைப்பு, விலை, ஒரே ஒரு பட்டன். படத்துக்கு நேர் கீழே சாதாரண எழுத்தில் ‘சர்வீஸ், உதிரி பாகம்’ என்ற இணைப்பு. தீபாவளிச் சலுகை பக்கத்தின் தலையில் ஒரு வரிப் பட்டையாக வந்து, பண்டிகை முடிந்ததும் எடுக்கப்பட வேண்டியது. டீலர் விஷயம் மெனுவில் ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். அதைத் தேடி வருபவர் எப்படியும் தேடிக் கண்டுபிடிப்பார். விருதுப் படம் ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு. வரவேற்புச் செய்தியை எங்கேயும் வைக்க வேண்டாம்.

ஸ்லைடரை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒற்றைப் படத்திலேயே வழுக்கி விழுகிறார்கள். கை குலுக்கும் கோட்டுக்காரர்களின் இரவல் புகைப்படத்தைப் பெரிதாகப் போட்டால் அதுவும் விளம்பரம் போலத்தான் தெரியும். கண் தாண்டிப் போய்விடும். பொருளையோ, பொருள் செய்யும் வேலையையோ காட்டாத படத்துக்கு அங்கே இடம் கொடுக்காதீர்கள்.

அதைவிடப் பரவலான தவறு, எழுத்தைப் படத்துக்குள்ளேயே பதித்துவிடுவது. கம்ப்யூட்டருக்காக 1600 பிக்சல் அகலம், 600 உயரத்தில் பேனர் செய்து, அதில் 40 பிக்சல் எழுத்தில் சலுகையை எழுதுகிறார் டிசைனர். அவர் திரையில் பிரமாதமாக இருக்கும். அதே படம் 360 பிக்சல் அகலமுள்ள போனில் சுருங்கும்போது உயரம் 135 பிக்சல், எழுத்து 9 பிக்சல். கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. எழுத்தை எழுத்தாகவே ஹெச்.டி.எம்.எல்-இல் வைக்க வேண்டும். போனுக்கு நெட்டையாக வெட்டிய தனிப் படம் தர வேண்டும்:

```html
<picture>
  <source media="(max-width: 600px)"
          srcset="grinder-800x1000.webp" width="800" height="1000">
  <img src="grinder-1600x700.webp" width="1600" height="700"
       fetchpriority="high"
       alt="டில்டிங் கிரைண்டரைச் சாய்த்து மாவு வழிக்கிறார்கள்">
</picture>
```

இதில் அகலமும் உயரமும் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு: படம் வருவதற்கு முன்பே பிரவுசர் அதற்கு இடம் ஒதுக்கிவிடும், கீழே உள்ளவை திடீரென்று குதிக்காது. `loading="lazy"` இல்லாததையும் கவனியுங்கள். எல்லாப் படத்துக்கும் அதைத் தானாகப் போட்டுவிடும் பிளக்இன்கள் இருக்கின்றன. பக்கத்தின் முதல் படத்தில் அது இருந்தால், முதலில் வர வேண்டிய படம் தாமதமாக வரும். திரையில் தெரியும் மிகப் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு, எல்.சி.பி. என்பார்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்தால் உங்கள் தளத்தின் எண் தெரியும். ஸ்லைடர் பிளக்இன் போட்ட தளங்கள் இங்கே அடிக்கடி தடுமாறும். ஐந்து படமும், அவற்றை நகர்த்தும் ஜாவாஸ்கிரிப்டும் ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். சிலவற்றில் அந்த ஸ்கிரிப்ட் ஓடி முடியும்வரை முதல் படமே தெரியாது.

எவ்வளவு சொன்னாலும் ஸ்லைடர் வேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடிக்கலாம். அப்போது விடக்கூடாத ஒன்று, தானாகச் சுழல்வதை நிறுத்துவது. அதுவும் முடியாது என்றால் நிறுத்தும் பட்டனாவது இருக்க வேண்டும். தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் அசையும் எதையும் பயனர் நிறுத்த வழி வேண்டும் என்பது டபிள்யூ.சி.ஏ.ஜி. அணுகல்தன்மை விதிகளில் 2.2.2, அதுவும் அடிப்படையான ஏ நிலையில் உள்ளது. அப்புறம், முக்கியமான எதையும் இரண்டாவது ஸ்லைடில் மட்டும் வைக்காதீர்கள். அங்கே இருப்பது பக்கத்தில் வேறோர் இடத்திலும் நிலையாக இருக்கட்டும்.

பொருளின் பக்கத்தில் வரும் படத் தொகுப்புக்கு இந்தப் புகார்கள் எதுவும் பொருந்தாது. கிரைண்டரின் பின்பக்கம், கல், மூடி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பவர், பார்க்க வேண்டும் என்று தானே விரலால் தள்ளுகிறார். எல்லாப் படமும் அவர் கேட்ட ஒரே பொருளைப் பற்றியது. அங்கே அடுத்த படத்தின் ஓரம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிற மாதிரி விட்டால், இன்னும் படம் இருக்கிறது என்பது சொல்லாமலே தெரியும்.