பாலக்காட்டு எல்லையில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு: ஊருக்குப் போனதும் பென்ஷன் கணக்கைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வீடு இருப்பவர்கள் ஊருக்குப் போனால், வங்கி வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கல்யாணமும் கோயிலும் காத்திருக்கும். வயதானவர் பேரில் மட்டும் இருக்கும் பென்ஷன் கணக்கு காத்திருக்காது.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. 82 வயது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின் கை நடுக்கம் அதிகமாகி, கையெழுத்து மாறிப்போனது. மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கப் படிவத்தோடு போனேன். கவுண்டரில் இருந்தவர் பழைய கையெழுத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அம்மாவை நேரில் கூட்டிவரச் சொன்னார்.

கூட்டிப்போனோம். வங்கிக்குப் போகிறோம் என்று அம்மா தலைவாரி நல்ல சேலை கட்டிக்கொண்டாள். கிளை மாடியில். படியேற முடியாது என்றதும், அதிகாரி கீழே வருவார் என்றார்கள். வெயிலில் ஆட்டோவுக்குள் காலை நீட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். அவளை அப்படி உட்கார வைத்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நான் கத்தாரில் இருக்கும்போது இதே நிலை வந்திருந்தால் அவளோடு யார் போயிருப்பார்கள்?

அதே கிளையில் ஓர் இளைய அலுவலர்தான் விதியைச் சொன்னார். படுத்த படுக்கையான, வங்கிக்கு வர முடியாத கணக்குதாரருக்கு ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. பணம் எடுக்கும் படிவத்தில் கைப் பெருவிரல் அல்லது கால் பெருவிரல் ரேகை வைத்தால் போதும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகை கூட வைக்க முடியாதவர் ஏதாவது ஒரு குறி இடலாம், அதற்கும் அதே சாட்சிகள்தான். பணத்தை யார் வாங்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லலாம். இதை வாயால் கேட்காதீர்கள். டாக்டர் சான்றிதழை இணைத்து, மேலாளருக்கு மனு எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். நாங்கள் அப்படிக் கொடுத்த பிறகு அதிகாரி மை அட்டையோடு வீட்டுக்கே வந்தார். அம்மா அவருக்குக் காபி போடச் சொன்னாள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டு வாசலிலேயே அடிப்படை வங்கிச் சேவை தர வேண்டும் என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

அப்புறம் உயிர்ச் சான்றிதழ். மத்திய அரசுப் பென்ஷனுக்கு நவம்பரில் கொடுக்க வேண்டும், 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். விட்டுவிட்டால் பணம் நின்றுவிடும். வேலை செய்து தேய்ந்த விரல்களில் ரேகைக் கருவி பல நேரம் எடுக்காது. அப்போது Jeevan Pramaan செயலியோடு AadhaarFaceRD-யையும் போட்டு முகத்தை வைத்தே கொடுக்கலாம். முகத்தில் வெளிச்சம் விழும்படி வாசல் பக்கம் உட்கார வையுங்கள். தபால்காரரை வீட்டுக்கு வரச் சொன்னால் அவரே எடுத்துக் கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பென்ஷன் வகை கேட்கும் இடத்தில் Service என்று போட்டுவிடுவார்கள். அம்மாக்களுக்கு அது Family. மறுமணம் ஆனதா என்ற கேள்வியும் வரும், அதற்கும் சரியாகப் பதில் தர வேண்டும். பென்ஷன் ஆணை எண்ணான பி.பி.ஓ. எண்ணையும் கணக்கு எண்ணையும் பாஸ்புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். குறுஞ்செய்தியில் Pramaan ID வந்தாலே வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. விவரம் தப்பாக இருந்தால் பென்ஷன் தரும் இடம் அதை நிராகரிக்கலாம். அடுத்த மாதப் பணம் கணக்கில் ஏறியதா என்று பார்த்தால்தான் நிச்சயம்.

கடைசியாக, பவர் பத்திரம். நான் திரும்பிப் போகப் போகிறேன் என்றதும் மாமா, "பவரை என் பேருல எழுதிக் குடுத்துட்டுப் போ, நீ அங்க இருந்துட்டு என்ன பண்ணுவே?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் முழுப் பவர் எழுத நான் சம்மதிக்கவில்லை. வீடும் தோப்பும் அதில் அடங்கிவிடும். அம்மாவே அந்த வங்கிக் கணக்குக்கு மட்டும், அதுவும் தினமும் வந்துபோகிற பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக் கொடுத்தாள். மாமா இன்னும் பேசவில்லை. அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே இதை முடிக்க வேண்டும். புத்தி தடுமாறிய பிறகு புதிதாக எழுதவும் முடியாது, எழுதிய பவரும் செல்லாமல் போகும். அதன் பிறகு பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டிவரும். அந்த அலைச்சலை விடுமுறை நாட்களுக்குள் முடிக்க முடியாது.