ஒரு கப் சாதத்தில் எவ்வளவு புரதம்? பாக்கெட் எண்ணிலிருந்து கணக்கிடும் முறை

அரிசி பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்குப் புரதம் 7 கிராம் என்று இருக்கும். ஒரு கப் சாதம் சுமார் 160 கிராம். அப்படியானால் 11 கிராம் புரதம் கிடைத்துவிட்டது என்று பலரும் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கிடைப்பது 4 கிராம்தான். பாக்கெட் சொல்வது வேகாத அரிசியின் கணக்கு. தட்டில் இருப்பதில் பெரும்பகுதி அது குடித்த தண்ணீர்.

வேகும்போது தானியத்தின் புரதம் கூடுவதில்லை, பெரிதாகக் குறைவதும் இல்லை. எடை மட்டும்தான் ஏறுகிறது. அது எவ்வளவு ஏறியது என்று தெரிந்தால் போதும். இதற்குத் தேவை ஒரு டிஜிட்டல் தராசும் 240 மி.லி. கப்பும்தான்.

படி 1: பாக்கெட்டைப் படியுங்கள்

இந்தியப் பாக்கெட்டுகளில் 100 கிராமுக்கான எண் இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பாக்கெட்டுகளில் ஒரு பரிமாறலுக்குத்தான் போட்டிருப்பார்கள். பாஸ்தா என்றால் 56 கிராமுக்கு 7 கிராம் புரதம் என்பது போல. 7-ஐ 56-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 12.5 வரும். அங்கே புரதத்தை முழு எண்ணாக்கித்தான் அச்சிடுகிறார்கள். அதனால் 45 கிராம் அரிசிக்கு 3 கிராம் என்று இருந்தால், உள்ளே இருப்பது 2.5 ஆகவும் இருக்கலாம், 3.4 ஆகவும் இருக்கலாம். சிறிய பரிமாறலில் இந்த வித்தியாசம் பெரிது.

படி 2: வேகாததை நிறுங்கள்

கழுவுவதற்கு முன்பே நிறுத்துவிடுங்கள். ஊறிய அரிசியை நிறுத்தால் அப்போதே தண்ணீரும் கணக்கில் சேர்ந்துவிடும். சமைக்கப்போகும் பாத்திரத்தையும் காலியாக நிறுத்து, எடையை ஒரு தாளில் குறித்து வையுங்கள். இதை விட்டுவிட்டால், சூடான குக்கரோடு நிறுத்த பிறகு எதைக் கழிப்பது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

படி 3: வெந்தது முழுவதையும் நிறுங்கள்

வழக்கம்போலச் சமையுங்கள். வடிப்பதானால் கஞ்சி முழுக்க இறங்கிய பிறகு நிறுங்கள், பாஸ்தாவும் அப்படியே. உப்பைப் பொருட்படுத்த வேண்டாம். எண்ணெய், நெய், காய்கறி சேர்ப்பதற்கு முன் நிறுப்பது முக்கியம்.

படி 4: ஒரு கப்பை நிறுங்கள்

நீங்கள் வழக்கமாக எப்படி அள்ளுவீர்களோ அப்படியே அள்ளி நிறுங்கள். கப்பில் அமுக்கி நிரப்பிய சாதம், உதிரியாகப் போட்டதைவிட நிச்சயம் கூடுதலாக நிற்கும். பாஸ்தாவில் வடிவமும் சேர்ந்துகொள்கிறது. பென்னே குழல்களுக்குள்ளும் இடையிலும் காற்று இருப்பதால், ஒரு கப் பென்னே ஒரு கப் ஸ்பகெட்டியைவிட எடை குறைவு. கப்பை மட்டும் நம்பாமல் எடையைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

படி 5: கணக்கு

```
மொத்தப் புரதம் = வேகாத எடை × பாக்கெட் எண் ÷ 100
ஒரு கப்பில் = மொத்தப் புரதம் × கப் எடை ÷ வெந்த மொத்த எடை
```

மூன்றிலும் 200 கிராம் எடுத்துச் சமைத்ததாக வைத்துக்கொள்வோம்.

அரிசி: பாக்கெட் எண் 7, ஆக மொத்தப் புரதம் 14 கிராம். வெந்த சாதம் 560 கிராம், ஒரு கப் 160 கிராம். 14 × 160 ÷ 560 = 4 கிராம்.

சாமை: பாக்கெட் எண் 10, மொத்தம் 20 கிராம். வெந்தது 600 கிராம், ஒரு கப் 170 கிராம். வருவது 5.7 கிராம்.

ஸ்பகெட்டி: பாக்கெட் எண் 12, மொத்தம் 24 கிராம். வடித்த பின் 450 கிராம், ஒரு கப் 140 கிராம். வருவது 7.5 கிராம்.

இதில் கவனிக்க வேண்டியது சாமைக்கும் பாஸ்தாவுக்கும் உள்ள இடைவெளி. பாக்கெட்டில் 10-க்கு 12, கிட்டத்தட்ட அருகருகே. கப்பில் 5.7-க்கு 7.5 என்று விலகிவிட்டது. சாமை தன் எடையைப்போல் மூன்று மடங்காகப் பெருகியது, பாஸ்தா இரண்டேகால் மடங்குதான். குறைவாகத் தண்ணீர் குடிப்பதால் பாஸ்தா கப்பில் முந்துகிறது.

உங்கள் வீட்டு எண்கள் இதே மாதிரி வராது. அரிசி ரகமும் நீங்கள் விடும் தண்ணீரும் வேறு. ஆனால் சாதம் இரண்டு மடங்குக்கும் குறைவாகவோ நான்கு மடங்குக்கு மேலாகவோ வந்தால், பாத்திர எடையைக் கழித்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

கஞ்சிக்கும் இதே கணக்குதான். 50 கிராம் சாமையைக் காய்ச்சி 450 கிராம் கஞ்சி வந்தால், மொத்தப் புரதம் 5 கிராம். 240 கிராம் நிற்கும் ஒரு கப்பில் 2.7 கிராம். அதே சாமை, அதே கப், சோறாக வடித்தபோது கிடைத்ததில் பாதிக்கும் குறைவு. ஆகவே சிறுதானியத்தில் ‘ஒரு கப்புக்கு இவ்வளவு’ என்று எங்காவது பார்த்தால், அது சோறா கஞ்சியா என்று கேட்டுவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.