அவுன்ஸ் விலையைக் கிராமுக்கு மாற்றும்போது நேரும் தவறுகள்

உலகச் சந்தையில் தங்கம் ஒரு அவுன்ஸ் இத்தனை டாலர் என்று செய்தியில் வந்ததும், அதைக் கிராமுக்கு மாற்றி நகைக்கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கணக்கு உதைக்கிறது. பெரும்பாலும் தவறு முதல் வகுத்தலிலேயே தொடங்கிவிடுகிறது.

சமையல் குறிப்பில் வரும் அவுன்ஸ் 28.35 கிராம். தங்கத்துக்கு அது செல்லாது. தங்கத்தை டிராய் அவுன்ஸில்தான் நிறுக்கிறார்கள். அது 31.1035 கிராம். கணக்குக்கு எளிதாக, அவுன்ஸ் விலை 3,110 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 31.1035-ஆல் வகுத்தால் கிராமுக்கு ஏறக்குறைய 100 டாலர். 28.35-ஆல் வகுத்தால் 109.70. இந்த ஒரு இடத்திலேயே பத்து சதவீதம் போல விலை ஏறிவிடுகிறது.

அடுத்தது கேரட். சந்தை விலை சுத்தத் தங்கத்துக்கு, அதாவது 24 கேரட்டுக்கு உரியது. நகை பெரும்பாலும் 22 கேரட், சில ஊர்களில் 18. இருபத்திரண்டு கேரட்டில் 24 பங்குக்கு 22 பங்குதான் தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. ஆகவே 100 டாலரை 22-ஆல் பெருக்கி 24-ஆல் வகுக்க வேண்டும். 91.67 டாலர் வரும்.

இப்போது கடையில் 22 கேரட் கிராம் 99 டாலர் என்று போட்டிருக்கிறார்கள் என்போம். கேரட்டை மறந்தவர் 100-ஐயும் 99-ஐயும் பார்த்து, கடையில் விலை குறைவு என்று சந்தோஷப்படுவார். அவுன்ஸிலும் தவறியவருக்கோ கடைக்காரர் நஷ்டத்துக்கு விற்பது போலவே தோன்றும். உண்மையில் 91.67-க்கு மேல் எட்டு சதவீதம் கூடுதலாக இருக்கிறது. உலக விலையைவிடக் கடை விலை குறைவாகத் தெரிந்தால் முதலில் உங்கள் கணக்கைச் சந்தேகப்படுங்கள்.

அந்த எட்டு சதவீதம் முழுக்கக் கடைக்காரர் லாபம் என்று நினைப்பதும் தவறுதான். இறக்குமதி வரி, கொண்டுவரும் செலவு, மொத்த வியாபாரியின் பங்கு எல்லாம் அதற்குள் இருக்கலாம். விற்பனை வரியைச் சில இடங்களில் பலகை விலையிலேயே சேர்த்துவிடுவார்கள், சில இடங்களில் பில்லில் தனியாகப் போடுவார்கள். இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செய்கூலியும் சேதாரமும் வழக்கமாகப் பலகை விலையில் வராது. அவற்றைச் சேர்த்த பில் தொகையை எடைக்கு வகுத்து உலக விலையோடு ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது.

அப்புறம் நேரம். சந்தை விலை நொடிக்கு நொடி மாறும். கடைப் பலகையை வழக்கமாக நாளுக்கு ஓரிரு முறைதான் மாற்றுவார்கள். காலையில் எழுதிய விலையை இரவுச் செய்தியோடு ஒப்பிடக் கூடாது. டாலரில் தங்கம் இறங்கிய அன்றைக்கே உள்ளூர்ப் பணத்தின் மதிப்பு அதைவிட அதிகமாக இறங்கியிருந்தால் கடை விலை ஏறத்தான் செய்யும். அதனால் தங்க விலை, டாலர் மாற்று விலை, பலகை விலை மூன்றையும் ஒரே வேளையில் எடுத்து ஒப்பிடுங்கள்.